உயிலில் பெயர் இல்லாதபோது: நியூயார்க்கில் வாழ்க்கைத்துணையின் தெரிவுப் பங்கு

நியூயார்க் மாநிலத்தில் கணவரோ மனைவியோ தம் வாழ்க்கைத்துணையை உயில் மூலம் முழுவதுமாக விலக்கிவிட முடியாது. உயிலில் என்ன எழுதியிருந்தாலும், உயிரோடு இருக்கும் துணை நிகரச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கலாம். அந்தப் பங்கு 50,000 டாலருக்குக் குறைந்தால் 50,000 டாலர் கிடைக்கும். மொத்தச் சொத்தே அந்தத் தொகைக்குக் கீழ் என்றால் முழுவதும் அவருக்குத்தான். ‘எலெக்டிவ் ஷேர்’ எனப்படும் இந்தத் தெரிவுப் பங்கைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் இவ்வளவை மட்டும் நம்பி இருப்பவர் கையில் வந்து சேர வேண்டியதில் பாதிக்கு மேல் நழுவிப் போகலாம். காரணம், இந்த உரிமையின் மதிப்பை ‘மூன்றில் ஒன்று’ என்ற பின்னம் தீர்மானிப்பதில்லை. எந்தத் தொகையில் மூன்றில் ஒன்று என்பதும், அதை எந்தத் தேதிக்குள் எந்த வடிவில் கேட்கிறோம் என்பதும்தான் தீர்மானிக்கின்றன. இரண்டுக்குமே விடை உயிலில் இருக்காது. உயிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுவதிலும் கோபப்படுவதிலும் நாளைக் கழிப்பவரிடம் இந்த அத்தியாயம் சொல்ல வருவது, அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு வங்கிக் கணக்கு அறிக்கைகளை எடுங்கள் என்பதைத்தான்.

ஏன் இப்படி ஆனது என்று புரிய, சட்டம் வந்த வழியைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் விதவைக்கு ‘டவர்’ என்ற உரிமை இருந்தது. கணவரின் நிலத்தில் மூன்றில் ஒரு பகுதியை அவள் ஆயுள்வரை அனுபவிக்கலாம். நிலமே செல்வமாக இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. செல்வம் பங்குப் பத்திரங்களுக்கும் வங்கிக் கணக்குகளுக்கும் இடம்பெயர்ந்தபின் அந்த உரிமை வெறும் பெயராகிவிட்டது. நியூயார்க் 1930 செப்டம்பர் 1-க்குப் பிந்தைய திருமணங்களுக்கு டவரை ஒழித்துவிட்டு, மொத்தச் சொத்திலும் பங்கு கேட்கும் உரிமையைக் கணவன் மனைவி இருவருக்கும் கொடுத்தது. கொடுத்த கையோடு அதைச் சுற்றிப் போகும் வழிகளும் முளைத்தன. இறக்கும்போது தன் பெயரில் சொத்தே இல்லாமல் செய்துவிட்டால் எதில் பங்கு கேட்பது? 1937-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘நியூமன் எதிர் டோர்’ வழக்கு இதற்கு நல்ல உதாரணம். எண்பது வயதான ஒருவர் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு சொத்து முழுவதையும் ஓர் அறக்கட்டளைக்கு மாற்றினார். வருமானத்தைத் தன் ஆயுள்வரை தானே எடுத்துக்கொள்ளவும், நினைத்தால் அறக்கட்டளையையே ரத்துசெய்யவும் உரிமையை வைத்துக்கொண்டார். சொத்தை அவர் உண்மையில் விட்டுக்கொடுக்கவே இல்லை, அது வெறும் தோற்றம் என்று நீதிமன்றம் சொல்லி, அந்த மாற்றத்தைச் செல்லாததாக்கியது. தீர்ப்பு நியாயமானதுதான். ஆனால் எது தோற்றம், எது நிஜம் என்று வழக்குக்கு வழக்கு வாதாட வேண்டிய நிலை உருவானது. 1966 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அதற்கு முடிவுகட்டியது. உயிலுக்கு வெளியே கைமாறும் இன்னின்ன வகைச் சொத்துகளும் கணக்கில் சேரும் என்று அது பட்டியலிட்டது. இன்று அந்தப் பட்டியல், எஸ்டேட்ஸ் பவர்ஸ் அண்ட் டிரஸ்ட்ஸ் சட்டத்தின் 5-1.1-A பிரிவில் இருக்கிறது. உயிலின் இடத்தில் நின்று உயிலின் வேலையைச் செய்வதால், இவற்றை இங்கே ‘உயில்மாற்று’ என்று குறிப்பிடுகிறேன்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தப் பட்டியலின் பலம் தெரியும். கற்பனையான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குவீன்ஸில் வாழ்ந்த ஒருவர் 2025-இல் இறக்கிறார். இரண்டாம் மனைவியுடன் 22 ஆண்டுகள் வாழ்ந்தவர். முதல் திருமணத்தில் ஒரு மகனும் ஒரு மகளும் உண்டு. உயிலில் எல்லாவற்றையும் மகனுக்கு எழுதிவைத்திருக்கிறார். அவர் பெயரில் மட்டும் 6,00,000 டாலர் மதிப்புள்ள வீடும், 60,000 டாலர் உள்ள வங்கிக் கணக்கும் இருக்கின்றன. வீட்டுக் கடன் பாக்கி ஒரு லட்சம். மருத்துவமனை பில், இறுதிச் சடங்குச் செலவு, வழக்கறிஞர் கட்டணம் எல்லாமாக 50,000. உயிலை மட்டும் பார்ப்பவர் கணக்கு எளிது. 6,60,000-இல் ஒன்றரை லட்சம் போனால் 5,10,000. அதில் மூன்றில் ஒன்று 1,70,000 டாலர். மகனின் வழக்கறிஞர் நல்லெண்ணத்தோடு இந்தத் தொகையைத் தர முன்வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மனைவி கையெழுத்துப் போடலாமா? கூடாது. அவர் இன்னும் பாதிச் சொத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

இறந்தவருக்கு மகனோடு சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கு இருந்தது. அதில் உள்ள 90,000 டாலரும் அவர் போட்ட பணம். மகளின் பெயரைக் குறித்து ‘இன்னாருக்காக நம்பிக்கையில்’ வைத்த இன்னொரு கணக்கில் 50,000. ஐ.ஆர்.ஏ. ஓய்வுக் கணக்கில் இரண்டு லட்சம், அதற்கு மகள் நியமனதாரர். இறப்பதற்கு ஏழு மாதம் முன்பு மகனுக்கு 1,19,000 டாலரை அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். இறப்புக்கு முந்தைய ஓராண்டுக்குள் தந்த அன்பளிப்பில், மத்திய வரிச் சட்டம் ஒருவருக்கு ஆண்டுதோறும் வரியின்றித் தர அனுமதிக்கும் தொகை கழியும். 2025-இல் அது 19,000. மீதி ஒரு லட்சம் கணக்கில் சேரும். மனைவியோடு சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கும் உண்டு, அதில் 80,000. தம்பதியின் கூட்டுக் கணக்கில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று சட்டம் கிளறுவதில்லை. பாதி அவருடையது என்று கொண்டு 40,000 சேர்க்கிறது. ஆக உயில்மாற்றுகள் மட்டும் 4,80,000. உயிலில் அடங்கிய 6,60,000-உடன் கூட்டினால் 11,40,000. கடனும் செலவும் போக நிகரச் சொத்து 9,90,000. இதில் மூன்றில் ஒன்று 3,30,000 டாலர். கூட்டுக் கணக்கு வழியாக மனைவிக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்த 40,000-ஐக் கழித்தால், மற்றவர்களிடமிருந்து அவருக்கு வர வேண்டியது 2,90,000. முதலில் பேசப்பட்ட 1,70,000 எங்கே, இது எங்கே!

இந்த 2,90,000-ஐ மகன் ஒருவரே வீட்டை விற்றுத் தர வேண்டும் என்பதில்லை. உயிலால் பெற்றவரும் உயில்மாற்றால் பெற்றவரும் அவரவர் பெற்ற அளவுக்கு ஏற்பப் பங்களிக்க வேண்டும். மனைவியின் 40,000 போக மற்றவர்கள் பெற்றது 9,50,000. எனவே ஒவ்வொரு டாலருக்கும் ஏறக்குறைய முப்பதரை சென்ட். ஐ.ஆர்.ஏ. பெற்ற மகள் அதற்காகச் சுமார் 61,000 தர வேண்டும். அன்பளிப்பு வாங்கிய மகன், கணக்கில் வந்த ஒரு லட்சத்துக்காகச் சுமார் 30,500-ஐத் திருப்பித் தர வேண்டும். பெற்ற பணத்தைச் செலவழித்துவிட்டேன் என்பது அவரைக் கடமையிலிருந்து விடுவிக்காது. நடைமுறையில் சண்டை தொடங்கும் இடம் இதுதான், மூன்றில் ஒரு பங்கு பற்றி அல்ல. எந்தக் கணக்கு உள்ளே, எது வெளியே, அதில் யார் பணம் என்பதில்தான் தகராறு. மகனோடு இருந்த கூட்டுக் கணக்கில் பணம் போட்டது தந்தைதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு மனைவிமேல் விழுகிறது. ஆகவே அந்தக் கணக்கின் பழைய வரவு விவரங்களைத் தேடிச் சேர்ப்பதுதான் அவர் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று.

பட்டியலின் ஓட்டைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயுள் காப்பீட்டுத் தொகை உயில்மாற்று ஆகாது. மேலே சொன்னவர் மகளின் பெயரில் ஐந்து லட்சம் டாலர் பாலிசி எடுத்திருந்தால், அதில் ஒரு சென்ட் கூட இந்தக் கணக்கில் வராது. இது நியூயார்க் சட்டத்தின் பெரிய குறை என்றே கருதுகிறேன். துணைக்குப் பங்கு போகக் கூடாது என்று நினைப்பவர் பணத்தைப் பாலிசியாக மாற்றிவிட்டால் போதும் என்ற நிலையை அது உண்டாக்குகிறது. இதற்கு நேர்மாறாக, நிறுவனங்கள் தரும் 401(k) போன்ற ஓய்வூதியத் திட்டங்களில் மனைவியின் நிலை இதைவிட வலுவானது. 1974-இன் மத்தியச் சட்டமும் 1984-இல் அதில் செய்யப்பட்ட திருத்தமும், துணை எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்காதவரை வேறொருவரை நியமனதாரராக்க விடுவதில்லை. எனவே கணவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பது எப்போதும் பயன் தரும். அந்தப் பணம் ஐ.ஆர்.ஏ.வுக்கு மாற்றப்பட்டுவிட்டால் அந்த மத்தியப் பாதுகாப்பு போய்விடும். மாநிலத்தின் தெரிவுப் பங்கு மட்டுமே மிஞ்சும்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கும். உயிலையே எதிர்த்து வழக்குப் போடலாமா? பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கணவரை மகன் நிர்ப்பந்தித்து எழுத வைத்தார், அவருக்கு நினைவு சரியில்லை என்றெல்லாம் வாதிட்டு உயிலைச் செல்லாததாக்கினால், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்துபோல அது பிரியும். பிள்ளைகள் இருக்கும்போது துணைக்கு முதலில் 50,000 டாலரும், மீதியில் பாதியும் கிடைக்கும். நம் கணக்கில் 5,10,000-இல் முதல் 50,000 போக மீதி 4,60,000. அதில் பாதி 2,30,000. ஆக 2,80,000. சாட்சிகள், மருத்துவர்கள், ஆண்டுக்கணக்கான வாய்தாக்கள் எல்லாம் கடந்து முழு வெற்றி பெற்றாலும் கிடைப்பது, உயிலைப் பற்றி எதையும் நிரூபிக்காமல் ஒரு நோட்டீஸ் கொடுத்துக் கேட்டாலே வரும் 2,90,000-ஐவிடக் குறைவு. இதில் பலருக்கும் தெரியாத ஒன்றும் இருக்கிறது. உயில் இல்லாதபோதும் தெரிவுப் பங்கு கேட்கலாம். உயில் விழுந்து 2,80,000 வந்தால், 3,30,000-இல் அதையும் 40,000-ஐயும் கழித்து மீதி 10,000-ஐ உயில்மாற்றுப் பெற்றவர்களிடம் கேட்கலாம். இந்தக் குடும்பத்தில் இரண்டு வழியும் ஒரே தொகையில்தான் போய் முடிகின்றன. சொத்தில் பெரும்பகுதி உயிலுக்குள் இருந்தால் கணக்கு மாறும், அப்போது வழக்கு லாபமாகலாம். எந்த வழி என்று கோபத்தைக் கொண்டு முடிவுசெய்யாமல், இப்படி எண்களை வைத்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

உயிலில் துணைக்கு ஏதாவது எழுதியிருந்தாலும் யோசிக்க வேண்டும். ஓர் அறக்கட்டளையில் பணத்தைப் போட்டு, வருமானம் மட்டும் மனைவிக்கு ஆயுள்வரை, பிறகு மூலதனம் பிள்ளைகளுக்கு என்று எழுதுவது வழக்கம். முன்பு இப்படி எழுதியே தெரிவுப் பங்கைத் தீர்த்துவிட முடிந்தது. 1994 செப்டம்பர் 1 முதல் அது முடியாது. பங்கை முழு உரிமையோடு கையில் தர வேண்டும். ஆனால் தெரிவுப் பங்கைக் கேட்கும் மனைவி, அந்த ஆயுள்கால வருமானத்தை இழப்பார். அந்த விஷயத்தில் அவர் கணவருக்கு முன்பே இறந்துவிட்டதாகச் சட்டம் கொள்ளும். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு முப்பது ஆண்டுகள் வரக்கூடிய வருமானம் மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரிதாக இருக்கலாம். எண்பது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் அப்படி இராது.

இனி, பார்க்காத சொத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? இறந்தவரின் வருமான வரிப் படிவங்களே நல்ல தொடக்கம். வட்டி வருமானம் ஒரு அளவைத் தாண்டினால், ஷெட்யூல் பி என்ற தாளில் வட்டி தந்த ஒவ்வொரு வங்கியின் பெயரும் இருக்கும். இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்தால் அந்தத் தாள் மனைவியிடமே இருக்கலாம். வரிப் படிவத்தில் அவரது கையெழுத்தும் இருக்கும், படிக்காமல் போட்டதாக இருந்தாலும். ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் வங்கிகளிலிருந்தும் தரகு நிறுவனங்களிலிருந்தும் 1099 என்ற படிவம் தபாலில் வரும். ஒரு வருடத் தபாலைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தாலே பாதி கணக்குகள் தெரிந்துவிடும். கணக்கு அறிக்கையில் பெயருக்குப் பக்கத்தில் `ITF` என்றிருந்தால் அது வேறொருவருக்காக வைத்த நம்பிக்கைக் கணக்கு. `POD` அல்லது `TOD` என்றிருந்தால் இறந்ததும் நேராக இன்னொருவருக்குப் போகும் கணக்கு. இந்த மூன்றெழுத்துகளைக் கண்டால் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஓராண்டில் பெரிய தொகை வெளியே போயிருந்தால் அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். தேதி முக்கியம். பதினோராம் மாதத்தில் தந்த அன்பளிப்பு கணக்கில் சேரும், பதின்மூன்றாம் மாதத்தில் தந்தது சேராது.

இந்த உரிமையை எதிர்ப்பவர்களின் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. தான் சம்பாதித்ததை யாருக்குக் கொடுப்பது என்பது சம்பாதித்தவரின் விருப்பம், அதில் அரசு ஏன் குறுக்கிட வேண்டும்? இந்தக் கேள்வி, சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவரே அதைச் சம்பாதித்தார் என்று முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் திருமணக் காலத்தில் சம்பாதித்தது தொடக்கத்திலிருந்தே இருவருடையது என்பது சட்டம். அங்கே தெரிவுப் பங்குக்கு வேலை குறைவு. நியூயார்க்கில் சொத்து பெயருக்குரியவருடையது. ஆனால் அதே நியூயார்க், 1980 முதல், விவாகரத்தின்போது திருமணக் காலச் சொத்தை யார் பெயரில் இருந்தாலும் நியாயமாகப் பிரித்துக் கொடுக்கிறது. வீட்டைக் கவனித்ததும் பிள்ளைகளை வளர்த்ததும் பங்களிப்பு என்று அங்கே ஏற்கப்படுகிறது. இருபது ஆண்டு வாழ்ந்து பிரிந்தவருக்குப் பங்கு உண்டு, கடைசிவரை கூட இருந்து கணவரைக் கவனித்துக்கொண்டவருக்கு ஒன்றும் இல்லை என்றால் அது எந்த நியாயத்திலும் சேராது. தெரிவுப் பங்கு இந்த முரணை முழுவதும் நீக்கவில்லை என்பதுதான் என் குறை. மூன்றில் ஒரு பங்கு, நீண்ட திருமணத்தில் விவாகரத்து தந்திருக்கக்கூடியதைவிடப் பல சமயம் குறைவு.

முதல் திருமணத்துப் பிள்ளைகள் தரப்பில் எழும் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. தாயும் தந்தையும் சேர்ந்து கட்டிய வீட்டில், தந்தை கடைசிக் காலத்தில் மணந்த ஒருவர் மூன்றில் ஒரு பங்கைக் கேட்பது அவர்களுக்கு வலிக்கும். இங்கே நியூயார்க் சட்டம் மழுங்கலாகத்தான் வேலை செய்கிறது. திருமணம் மூன்று மாதம் நீடித்ததா முப்பது ஆண்டு நீடித்ததா என்று அது பார்ப்பதில்லை. துணைக்குச் சொந்தமாக எவ்வளவு இருக்கிறது என்றும் பார்ப்பதில்லை. அமெரிக்க மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டமான யூனிஃபார்ம் புரோபேட் கோட், 1990 முதல், திருமணத்தின் நீளத்துக்கு ஏற்பப் பங்கு வளரும்படி அமைந்திருக்கிறது. பதினைந்து ஆண்டுகளில்தான் அது முழு அளவை எட்டும். அது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு நியூயார்க்கிலும் வழி இருக்கிறது. திருமணத்துக்கு முன்பே இருவரும் பேசி, உரிமையை விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். பேசாமல் மணந்துகொண்டு, இறந்தபின் உயில் மூலம் சொல்வதைத்தான் சட்டம் ஏற்பதில்லை.

நோயாளியை ஏமாற்றி மணந்துகொள்பவர்கள் என்ன ஆவார்கள் என்ற அச்சமும் உண்டு. 2010-இல் இதற்கு ஒரு விடை கிடைத்தது. மறதி நோயால் பாதிக்கப்பட்ட ஒரு முதியவரை, அவரைக் கவனித்துவந்த பெண், அவருடைய மகள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத் திருமணம் செய்துகொண்டார். கணவர் இறந்தபின் தெரிவுப் பங்கு கேட்டார். உயிரோடு இருக்கும்போது ரத்துசெய்யப்படாத திருமணம் என்பதால், சட்டத்தின் எழுத்துப்படி அவருக்கு உரிமை இருந்தது. ஆனாலும் தன் தவறான செயலால் யாரும் லாபம் அடையக் கூடாது என்ற அடிப்படையில் மேல்முறையீட்டுப் பிரிவு அவருக்குப் பங்கை மறுத்தது. நேர்மையான திருமணத்தில் இருந்தவருக்கு இந்தத் தீர்ப்பால் ஆபத்து இல்லை.

விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும், வீட்டுப் பத்திரத்தைப் பதிவுசெய்யத் தேவையான அதே முறையில் நோட்டரியின் சான்றும் இருக்க வேண்டும். கையெழுத்துக்குக் கீழே உள்ள அந்தச் சான்றின் ஒவ்வொரு வார்த்தையையும் படியுங்கள். 2013-இல் ஒரு விவாகரத்து வழக்கில், கணவரின் கையெழுத்துக்கான சான்றில், கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்று நோட்டரி அறிந்திருந்தார் என்பதைச் சொல்லும் வாசகம் விடுபட்டிருந்தது. கையெழுத்து போலி என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் திருமணத்துக்கு முந்தைய அந்த ஒப்பந்தம் செல்லாது என்று நியூயார்க்கின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாள் சரியாக இருந்தாலும், ஒருவர் மற்றவரின் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்திக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தை எதிர்க்க இடமுண்டு. துணையைக் கைவிட்டுப் போனவருக்கும், காப்பாற்றும் கடமை இருந்தும் காப்பாற்றாதவருக்கும் இந்த உரிமை இல்லை. தனித்தனியாக வாழ்ந்தார்கள் என்பது மட்டும் கைவிட்டதாகாது. காரணமின்றி, மற்றவர் சம்மதமின்றிப் போயிருக்க வேண்டும். அதை நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. இறந்தவர் இறக்கும்போது நியூயார்க்கை நிரந்தர வாழிடமாகக் கொண்டிருந்தால்தான் இந்த உரிமை இயல்பாகக் கிடைக்கும். அப்படி இருந்தால் அவருடைய சொத்து எங்கே இருந்தாலும் கணக்கில் சேரும். கோயம்புத்தூரில் உள்ள மனையும் அதன் மதிப்போடு வரும். ஆனால் ஓய்வுக்குப்பின் அமெரிக்க வீட்டை விற்று, இனி இங்கேதான் என்று சென்னையில் வந்து குடியமர்ந்தவர் இறந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, ஓர் இந்து தன் சொத்தை உயில் மூலம் யாருக்கும் எழுதிவைக்க இடம் தருகிறது. மனைவிக்கென்று கட்டாயப் பங்கு எதுவும் அதில் இல்லை. 1956-இன் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்கீழ், சொத்தைப் பெற்றவர்களிடம் ஜீவனாம்சம் கேட்கலாம், அது பிழைப்புக்கான தொகையே தவிர சொத்தில் பங்கு அல்ல. எனவே ஊர் திரும்பும் முடிவை எடுக்கும் தம்பதியரில், சொத்து யார் பெயரில் இல்லையோ அவர் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. நியூயார்க்கிலிருந்து ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குக் குடிபோனாலும் விதி மாறும். அங்கேயும் மூன்றில் ஒன்றுதான், ஆனால் மனைவியின் சொந்தச் சொத்தையும் கணக்கில் எடுத்துக் கழிப்பார்கள்.

கடைசியாக நாள்கணக்கு. உயிலை நிறைவேற்றும் அதிகாரத்தை சரோகேட் நீதிமன்றம் எக்ஸிகியூட்டருக்குக் கடிதமாகக் கொடுக்கும். அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் தெரிவு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எப்படியானாலும் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டைத் தாண்டக் கூடாது. ஈமச்சடங்கு முடிந்து பதினாறாம் நாள் கணக்கு பார்ப்பதுபோல இறந்த நாளிலிருந்து மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் தவறிப்போகும். நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் கேட்டால் கடிதத்தின் தேதி தெரியும். நோட்டீஸை எக்ஸிகியூட்டரிடம் சேர்ப்பித்து, அதன் மூலப்பிரதியைச் சேர்ப்பித்ததற்கான சான்றோடு அதே நீதிமன்றத்தில் பதிவுசெய்ய வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் வேலை முடியாது. எக்ஸிகியூட்டருக்கு வாய்மொழியாகச் சொன்னேன், அவரும் சரி என்றார் என்பது எங்கும் செல்லாது. சொத்து விவரம் முழுவதும் கிடைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தெரிவு செய்கிறேன் என்று அறிவிப்பதற்கு எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை, தொகையைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். ஆறு மாதம் முடிவதற்குள் காரணம் காட்டி நீட்டிப்பு கேட்டால் நீதிமன்றம் தரலாம். தவறிவிட்ட பின்னும், கடிதம் வழங்கி பன்னிரண்டு மாதம் ஆகாமலும், கணக்குத் தீர்ப்பு வராமலும் இருந்தால் மன்னிக்கும்படி கேட்கலாம், ஆனால் தருவது நீதிமன்றத்தின் விருப்பம். முதுமையிலும் நோயிலும் இருப்பவர்கள் இதில் மற்றவர்களைவிட அவசரப்பட வேண்டும். இந்த உரிமை அவருடைய சொந்த உரிமை. தெரிவு செய்வதற்கு முன் அவர் இறந்துவிட்டால், அவருடைய பிள்ளைகளோ வாரிசுகளோ அவர் சார்பில் அதைக் கேட்க முடியாது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தாலும் வழக்கறிஞரை வரவழைத்து, கையெழுத்திட்ட நோட்டீஸை அன்றே அனுப்பிவிடலாம்.